இரண்டு சுற்று, இருபத்து நான்கு வரி

சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் பன்னிரண்டைத் தொட்டதும் பாட்டைத் தொடங்கினால், முதல் வரி முடியும்போது முள் ஒன்றில் இருக்க வேண்டும். இரண்டாவது வரி முடியும்போது இரண்டில். பன்னிரண்டு வரி பாடி முடித்தால் முள் ஒரு சுற்று வந்துவிடும், மேல்வரிசைப் பற்கள் முடிந்திருக்கும். அடுத்த பன்னிரண்டு வரியில் இன்னொரு சுற்று, கீழ்வரிசை. இரண்டு சுற்றுக்கு இரண்டு நிமிடம். குழந்தைக்குப் பல் துலக்க வேண்டிய நேரமும் அதுதான்.

இவ்வளவு எளிதான ஒன்றைக் கண்டுகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது. நான் சேலத்தில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர். பள்ளிக்கூட வயதில் பாட்டு வகுப்புக்குப் போனவள், தொடையில் தாளம் போடாமல் எதையும் மனப்பாடம் செய்யத் தெரியாதவள். என்னிடம் வரும் அம்மாக்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்வார்கள். காலையில் எப்படியோ துலக்கிவிடுகிறோம், ராத்திரிதான் முடியவில்லை, தூக்கக் கலக்கத்தில் அழுகிறான், வாயையே திறப்பதில்லை என்பார்கள். ஆனால் பல்லுக்கு முக்கியமான வேளை ராத்திரிதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பகலெல்லாம் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கிற எச்சில் இல்லாத அந்த எட்டு, ஒன்பது மணி நேரம், ஒட்டிக் கிடக்கும் பாலும் பிஸ்கட்டும் தங்கள் வேலையைப் பார்க்கின்றன. அதனால் ராத்திரிக்கென்றே ஒரு பாட்டு செய்ய நினைத்தேன்.

முதலில் நான் எழுதிய பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு கதைப்பாட்டு. பல்லில் பூச்சி குடியேறுகிறது, பிரஷ் ராஜா குதிரை ஏறி வருகிறார், சண்டை போட்டுத் துரத்துகிறார். பதினாறு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'ஆ' என்றோ 'ஏ' என்றோ நீட்டி இழுக்கும்படி மெட்டு போட்டிருந்தேன். நான் பாடினால் சரியாக இரண்டு நிமிடம் வந்தது. அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

வீட்டில் எப்படிப் பாடுகிறீர்கள் என்று கேட்டு, சிலரை வாட்ஸாப்பில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். கேட்டபோது மனசு கனத்துவிட்டது. ஒருவர் 70 நொடியில் முடித்திருந்தார். இன்னொருவருக்கு 65. யாரையும் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறவர்கள். அவசரம் வந்தால் மனிதக் குரல் முதலில் கை வைப்பது நீட்டலில்தான். நான்கு தட்டுக்கு இழுக்க வேண்டிய 'ஆ' ஒரு தட்டில் முடிந்துவிடுகிறது. வரிக்கும் வரிக்கும் நடுவே விட்ட இடைவெளி காணாமல் போகிறது. எழுத்து இருக்கும் இடத்தை யாரும் விழுங்குவதில்லை. எழுத்து இல்லாத இடத்தைத்தான் விழுங்குகிறார்கள். என் பாட்டில் நேரம் முழுவதும் எழுத்து இல்லாத இடத்தில் இருந்தது.

இன்னொரு தவறு அதைவிடப் பெரியது. மூன்று வயதுப் பையன் ஒருவனின் அப்பா போன் செய்தார். "டாக்டர், இவன் ரெண்டு நாளா தூங்க மாட்டேங்கறான். வாய்க்குள்ள பூச்சி நடக்குதுப்பா, எடுத்து விடுங்கன்னு அழறான்." நம் ஊரில் சொத்தையைப் பூச்சிப்பல் என்று சொல்லிப் பழகிவிட்டதால், பெரியவர்களுக்கு அது வெறும் பெயர். இருட்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு அது நிஜமான பூச்சி. அன்றைக்கே அந்தப் பாட்டை நிறுத்தினேன். படுக்கப் போகும் நேரத்துப் பாட்டில் எதிரி இருக்கக் கூடாது, சண்டை கூடாது, அடுத்து என்ன ஆகுமோ என்ற கதையும் கூடாது. தினமும் கேட்டது போலவே இன்றும் இருக்கிறது என்கிற நிம்மதிதான் அந்த வயதுக்குத் தூக்கத்தைக் கொடுக்கும்.

அதற்குப் பிறகு சொற்களை விட்டுவிட்டு வாயிலிருந்து தொடங்கினேன். பால்பற்கள் மொத்தம் இருபது, மேலே பத்து, கீழே பத்து. இரண்டரையிலிருந்து மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். ஒவ்வொரு வரிசையிலும் முன்னால் ஆறு, இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு கடைவாய்ப் பற்கள். ஆக, வாய்க்கு ஆறு பகுதி. 120 நொடியை ஆறால் வகுத்தால் பகுதிக்கு 20 நொடி. கடைவாய்ப் பல்லுக்குத் துலக்க மூன்று முகம் உண்டு. கன்னத்தைப் பார்த்த முகம், மெல்லுகிற முகம், நாக்கைப் பார்த்த முகம். இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரி, பிரஷை அந்த இடத்துக்குக் கொண்டுபோக ஒரு வரி என்று நான்கு வரி வைத்தால், வரிக்கு 5 நொடி. ஆறு பகுதிக்கு இருபத்து நான்கு வரி.

ஐந்து நொடி என்றதும்தான் கடிகாரம் கண்ணில் பட்டது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே ஐந்து நொடிதானே. அந்த ஐந்து நொடியில் எட்டுத் தட்டு விழுந்தால், அது ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 96 தட்டு. ஓடாமலும் இழுக்காமலும் இருக்கிற நடை அது. தட்டுக்கு ஒரு சின்ன வட்டமாகப் பிரஷைச் சுற்றினால், ஒரு வரியில் எட்டு வட்டம். ஓரத்தில் இரண்டு கடைவாய்ப் பல் என்பதால் பல்லுக்கு நான்கு வட்டம் கிடைக்கிறது. தாளம் ஒழுங்காக இருந்தால் கையும் ஒழுங்காக இருக்கும். பரபரவென்று முன்னும் பின்னும் தேய்க்கிற பழக்கம் தானாக விட்டுப்போகிறது.

சொற்கள் அதன் பிறகுதான் வந்தன. வரிக்கு நான்கு சீர், சீருக்கு நான்கு மாத்திரை என்று கட்டிக்கொண்டேன். குறில் ஒரு மாத்திரை. நெடிலும், மெய்யெழுத்து ஒட்டிய குறிலும் இரண்டு மாத்திரை. ஒவ்வொரு சீரும் இரண்டு தட்டில் உட்காரும். ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரி முழுக்க அம்மாவுக்கு, மற்ற வரிகளில் முதல் இரண்டு சீர் அம்மா பாடுவதற்கு. குழந்தையும் சேர்ந்துகொள்ளும் கடைசி இரண்டு சீரில் நீட்டலே கிடையாது, முழுக்க முழுக்கக் குறில். நான்கு குறில் வரிசையாக வந்தால் அவசரப்படுகிறவருக்கும் விழுங்க இடம் இருக்காது. பாடிப் பார்த்தால் நாக்கே தாளம் போடுவது தெரியும்.

முதல் பத்தி இது.

இந்தக் கன்னம் மேலே மேலே
வாசல் பக்கம் சரசர சரசர
ஆவென் றாலே கரகர கரகர
உள்ளே உள்ளே சலசல சலசல

முன்பற்களுக்கான பத்தி கொஞ்சம் மாறும்.

ஈயென் றாலே மேலே முன்னே
ஈறும் பல்லும் சரசர சரசர
ஒவ்வொன் றாகக் கரகர கரகர
உள்ளே உள்ளே சலசல சலசல

மற்ற நான்கு பத்திகளில் முதல் வரி மட்டும்தான் மாறும். 'அந்தக் கன்னம் மேலே மேலே', பிறகு 'அந்தக் கன்னம் கீழே கீழே', பிறகு 'இந்தக் கன்னம் கீழே கீழே', கடைசியாக 'ஈயென் றாலே கீழே முன்னே'. முழுப் பாட்டுக்கும் மனப்பாடம் செய்ய வேண்டியது பதினொரு வரி. ராத்திரி பத்து மணிக்கு அதற்கு மேல் யாராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்பதை முதல் பாட்டு எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

இதில் நான் அதிக நாள் செலவழித்தது ஒலிகளில். பிரஷ் வாய்க்குள் இருக்கும்போது குழந்தையும் கூடப் பாட முயலும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அப்போது ப, ம, வ வந்தால் உதடு மூடும், பிரஷ் மாட்டிக்கொள்ளும். 'பளபள' என்ற அழகான சொல்லை அதனால்தான் விட்டேன். பற்பசை விளம்பரம் முழுக்க இருக்கிற சொல், எல்லோருக்கும் பிடித்த சொல், ஆனால் ஒவ்வொரு 'ப'வுக்கும் உதடு ஒட்டிவிடும். சரசர, கரகர, சலசல மூன்றிலும் உதடு ஒட்டாது. எல்லாமே அகரம், வாய் திறந்தே இருக்கும். மூன்றும் வீட்டில் குழந்தை கேட்கிற சத்தங்களும்கூட. வாசல் கூட்டுகிற சத்தம், தேங்காய் துருவுகிற சத்தம், குழாயில் தண்ணீர் வருகிற சத்தம். எது எந்த முகத்துக்கு என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை.

'ஆவென் றாலே' என்ற வரி இரண்டாவதாக இல்லாமல் மூன்றாவதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்கத்தைத் துலக்கும்போது வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்வது நாம் எல்லோரும் செய்கிற தவறு. வாய் அகலமாகத் திறந்தால் கன்னம் இறுகும், தாடை எலும்பின் மேல்முனை முன்னால் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பிரஷ் தலை உள்ளே நுழையாது. பாதி மூடினாற்போல் இருந்தால் கன்னம் தளர்ந்து தாராளமாக இடம் கொடுக்கும். சந்தேகமாக இருந்தால் இப்போதே உங்கள் சுட்டுவிரலை மேல் கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரல் நெருக்கப்படுவது தெரியும். அதனால் 'வாசல் பக்கம்' முதலில், வாய் பாதி மூடியபடி. அது முடிந்த பிறகுதான் 'ஆ'.

பத்திகளின் வரிசையும் யோசித்து வைத்ததுதான். குழந்தை எந்த நேரமும் போதும் என்று திமிறிக்கொண்டு எழுந்துவிடலாம். அப்படி எழுந்தால் விட்டுப்போவது எதுவோ, அது குறைவாகக் கெடுகிற இடமாக இருக்க வேண்டும். கீழ் முன்பற்கள் நாக்கின் காவலில், எச்சிலில் குளித்துக்கொண்டே இருப்பவை, அவற்றில் சொத்தை வருவது அரிது. அவை கடைசி. பால்புட்டியோடு தூங்குகிற குழந்தைக்கு முதலில் கெடுவது மேல் முன்பற்கள், அவை இரண்டாவது பத்திக்கு வந்தன. அவற்றையே முதலில் வைக்காததற்குக் காரணம், அங்கேதான் குழந்தைக்கு வலிக்க வாய்ப்பு அதிகம். மேலுதட்டை நடு ஈறோடு இணைக்கும் மெல்லிய மடிப்பு ஒன்று இருக்கிறது. பிரஷின் முதுகு அதில் இடித்தால் சுரீர் என்று வலிக்கும். பல் துலக்கும்போது எதற்கு அழுகிறது என்றே தெரியவில்லை என்று வருகிற குழந்தைகளில் பலருக்கும் நான் பார்த்த காரணம் இதுதான். 'ஈயென் றாலே' பாடும்போதே இடது கைச் சுட்டுவிரலை உதட்டுக்கு உள்ளே அந்த மடிப்பின்மேல் படுத்தாற்போல் வைத்துக்கொண்டால், பிரஷ் விரலில்தான் இடிக்கும். முதல் வரியின் ஐந்து நொடியை அதற்காகத்தான் காலியாக விட்டிருக்கிறேன்.

போன வருடம் வந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னால் மற்றது விளங்கும். இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை. அம்மா தறிப்பட்டறையில் கணக்கெழுதுகிறவர், கூட அம்மாயியும் வந்திருந்தார். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு முன்பற்களிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு. ஓட்டை இன்னும் விழவில்லை. சொத்தையின் முதல் அடையாளம் இது. பல்லின் மேலோட்டிலிருந்து தாது கரைந்து போகத் தொடங்கியிருக்கிறது. இந்த நிலையில் கண்டால் நிறுத்த முடியும், பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு பாட்டினால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

"ராத்திரி புட்டி இல்லைன்னா கத்தி ஊரைக் கூட்டிடுதுங்க டாக்டரம்மா" என்றார் அம்மாயி.

புட்டியைத் துலக்குவதற்கு முன்னால் கொடுங்கள், பின்னால் தண்ணீர் மட்டும்தான் என்று முதலில் அதைப் பேசி முடித்தோம். துலக்கிய பிறகு ஒரு வாய் பால் போனாலும் பாட்டு வீண். அடுத்து பேஸ்ட். ஃபுளூரைடு உள்ளதாகவே இருக்கட்டும், மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு போதும், அதையும் பிரஷின் இழைகளுக்குள் விரலால் அழுத்திவிடுங்கள் என்றேன். துப்பத் தெரியாத வயதில் விழுங்கினாலும் அந்த அளவு பரவாயில்லை. தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களிடம் மட்டும், அந்த நீரிலேயே ஃபுளூரைடு அதிகம் இருக்கக்கூடும் என்பதால், எந்தத் தண்ணீர் என்று விசாரித்துக்கொண்டு பேசுவேன். இவர்கள் வீட்டில் காவிரி நீர்.

எப்படிப் படுக்க வைப்பது என்பதில் அம்மாயிக்கு என் உதவி தேவைப்படவில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார்களே, அந்த இருப்புதான். ஒரே ஒரு மாற்றம், குழந்தையின் தலை துலக்குகிறவரின் வயிற்றை ஒட்டி மடியில் இருக்க வேண்டும், கால்கள் எதிர்ப்பக்கம். அப்போது நாம் குனிந்து பார்த்தால் மேல்வரிசை முழுக்கத் தெரியும், தலையும் அசையாது. குழந்தையின் வலது கன்னமும் நம் வலது கையும் ஒரே பக்கம் இருப்பதால் குழப்பமும் இல்லை. இரண்டு வயதுக்கு இடம் வலம் தெரியாது என்பதால்தான் பாட்டில் இந்தக் கன்னம், அந்தக் கன்னம். பாடும்போதே அந்தக் கன்னத்தை விரலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். மூன்று நாளில் குழந்தை தானாகவே அந்தப் பக்கம் நாக்கை ஒதுக்கிக்கொள்ளும்.

அம்மாவைக் கிளினிக்கிலேயே கடிகாரம் பார்த்துப் பாட வைத்தேன். முதல் தடவை பத்தாவது வரி முடியும்போது முள் ஒன்பதில்தான் இருந்தது. ஓர் எண் வேகமாக ஓடியிருந்தார். எங்கே ஓடுகிறார் என்று கூர்ந்து கேட்டால், ஒவ்வொரு பத்தியின் முதல் வரியில். 'மேலே மேலே' என்ற இடம் நெடில், எனவே சுருங்குகிறது. கன்னத்தில் தட்டிக்கொண்டே பாடச் சொன்னதும் சரியாகிவிட்டது, ஒரு 'மேலே'க்கு ஒரு தட்டு என்று கை பிடித்து நிறுத்தியது. மூன்றாவது தடவை பன்னிரண்டாவது வரிக்கு முள் பன்னிரண்டில் வந்து நின்றது. தன் குரலும் கடிகாரமும் ஒன்றாக வந்து சேர்ந்த அந்த நொடியில் அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் சொல்லி அனுப்பிய முறை இது. முதல் மூன்று ராத்திரி முதல் பத்திக்கு மட்டும் பிரஷ். மீதி ஐந்து பத்திக்கும் பிரஷ் வெளியே, அம்மாவின் விரல் குழந்தையின் உள்ளங்கையில் வட்டம் போடட்டும். ஆனால் பாட்டு இருபத்து நான்கு வரியும் முழுதாகப் பாடப்பட வேண்டும், அதே நடையில். நான்காம் நாளிலிருந்து நாளுக்கு ஒரு பத்தி வாய்க்குள் போகலாம். குழந்தை அழுதால் பிரஷை எடுத்துவிடலாம், பாட்டை நிறுத்தவோ வேகப்படுத்தவோ கூடாது. அழுதால் பாட்டு நிற்கும் என்று தெரிந்துவிட்டால் அழுகை தினமும் வரும். அழுதாலும் சிரித்தாலும் இது இத்தனை நீளம்தான், இங்கே முடியும் என்று தெரிந்துவிட்டால், குழந்தையால் காத்திருக்க முடியும். முடிவு எங்கே என்று தெரியாத எதையும் அந்த வயது தாங்காது.

போனில் போட்டுவிடலாமா என்று கேட்டார். பலரும் கேட்பதுதான். வேண்டாம் என்றேன். திரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தலை திரும்பும், தாடை கீழே இறங்கும், மேல்வரிசை மறைந்துவிடும். தூங்கப்போகிற கண்ணுக்கு அந்த வெளிச்சமும் ஆகாது. எல்லாவற்றையும்விட, பாடுகிறவரின் கைதான் தாளத்தோடு போகும். பக்கத்தில் ஓடும் பாட்டுக்கு ஏற்பக் கை போவது கடினம், அது எப்போதும் அரைத்தட்டு பின்தங்கும்.

பதினோராவது நாள் அந்த அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. எல்லாப் பத்தியும் வாய்க்குள் போய்விட்டது, ஆனால் நான்காவது பத்தியில் மட்டும் தினமும் தலையை உதறுகிறாள் என்று.

"அந்தக் கன்னம் கீழேன்னு சொன்னாலே கையைத் தட்டி விட்டுடறா டாக்டர். மத்ததுக்கெல்லாம் கம்முனு இருக்கா. கரகர வரும்போதுதான் ஜாஸ்தி."

இந்தப் பாட்டைச் செய்தபோது நான் எதிர்பார்க்காத பயன் இது. வெறுமனே துலக்கவிட மாட்டேன் என்கிறாள் என்று சொல்லியிருந்தால் பிடிவாதம் என்று நானே நினைத்திருப்பேன். தினமும் ஒரே வரிசை, ஒரே நடை என்பதால், எங்கே அழுகிறாள் என்பது வாயில் எந்த இடம், எந்த முகம் என்று சொல்லிவிடுகிறது. கீழ்வரிசை, இடது ஓரம், மெல்லுகிற முகம். இடம் ஒவ்வொரு நாளும் மாறினால் அது தூக்கமோ கோபமோ. தொடர்ந்து மூன்று நாள் ஒரே வரி என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

வரச் சொன்னேன். கீழ் இடது ஓரத்தில் இரண்டாவது கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு முனை ஈறைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தது. மீதிப் பல்லின்மேல் ஈறு மூடியபடியே வீங்கிச் சிவந்திருந்தது. பிரஷ் படுகிற ஒவ்வொரு தட்டும் அந்த வீங்கின ஈறில் விழுந்திருக்கிறது. சொத்தை இல்லை என்பதில் எனக்கும் அவர்களுக்கும் பெரிய ஆறுதல். அந்தப் பத்திக்கு மட்டும் 'கரகர' வரியில் பிரஷுக்குப் பதில், சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி மெல்ல ஒற்றச் சொன்னேன். வரி அப்படியே இருக்கட்டும், நேரமும் அப்படியே. பல் முழுக்க மேலே வந்ததும் பிரஷ் திரும்பி வரும். பாதி முளைத்த பல்லின் பள்ளங்களில் சோறு தங்கும் என்பதால் அந்த வரியை விட்டுவிடக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது முன்பற்களின் வெள்ளைக் கோடு இருந்தது, ஆனால் சுண்ணாம்புபோலச் சொரசொரப்பாக இருந்தது மாறி வழவழப்பும் மினுமினுப்பும் வந்திருந்தன. கரைவது நின்றிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பாட்டுக்கு மட்டுமே அந்தப் பெருமை போகாது. புட்டியை நேரம் மாற்றியதும், ஃபுளூரைடு பேஸ்டும், கிளினிக்கில் நான் பூசிவிட்ட ஃபுளூரைடு பூச்சும் சேர்ந்து செய்த வேலை. பாட்டு செய்தது, அம்மாவின் கையை ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு நிமிடம் அங்கேயே இருக்க வைத்தது. அதை இன்னும் சில வருடம் செய்தாக வேண்டும். தன் பல்லைத் தானே ஒழுங்காகத் துலக்கும் கைப்பக்குவம் ஏழு, எட்டு வயதில்தான் வருகிறது.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. இருபத்து நான்கு வரி முடிந்து பிரஷ் வெளியே வந்த பிறகு இன்னொரு வரி இருக்கிறது. கணக்கில் சேராத வரி.

தூங்கப் போவோம் தூங்கப் போவோம்

இதில் மட்டும் குழந்தை சேர்ந்து பாடுகிற இடத்திலும் ப, வ, ம எல்லாம் வரும். இரண்டு நிமிடம் திறந்தே இருந்த வாய் இந்த வரியில் மூடிக்கொள்ளும். இதைக் கடிகாரம் பார்த்துப் பாட வேண்டாம், எவ்வளவு நீட்டினாலும் சரி என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்த அம்மா கடைசியாக அனுப்பிய பதிவில் பாட்டு ஒழுங்காக இரண்டு நிமிடம் ஓடுகிறது. சரசர, கரகர எல்லாவற்றிலும் பிரஷுக்கு நடுவே குழந்தையின் குரலும் கலந்து வருகிறது. கடைசி வரியை அம்மா தொடங்குவதற்குள் அம்மாயி எடுத்துக்கொள்கிறார். தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்து, இரண்டு தடவை, மூன்று தடவை. நான்காவது தடவையில் குழந்தை பாடவில்லை. விளக்கை அணைக்கிற சுவிட்சின் சத்தத்தோடு பதிவு முடிகிறது.